மேலே பின் செய்த மூன்று பதிவுகள் யாருக்காக?

கேள்வி: எங்கள் பல் மருத்துவமனையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 200 பதிவுகளுக்கு மேல் இருக்கின்றன. திறப்பு விழாப் படம், விருது வாங்கிய படம், வாழ்த்து ஒன்று என மூன்றை மேலே பின் செய்திருக்கிறோம். ஹைலைட்டுகளும் உண்டு. ஆனாலும் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேசுபவர்கள் ‘ரூட் கெனால் செய்வீர்களா, எத்தனை மணி வரை இருப்பீர்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். எதை மாற்றுவது?

பதில்: முதலில் அந்த மூன்று படங்களையும் மேலே பின் செய்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவை உங்களுக்குப் பெருமை. பல்வலியோடு பக்கத்தைத் திறப்பவருக்கு அவற்றில் பதில் இல்லை. அவர் மனதில் இருப்பவை இரண்டே கேள்விகள். என் பிரச்சினையை இங்கே பார்ப்பார்களா? எப்போது, எப்படி வருவது? முதல் கேள்வியைப் பின் செய்த பதிவுகளிடமும், இரண்டாவதை ஹைலைட்டுகளிடமும் ஒப்படையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவுகளைத்தான் பின் செய்ய முடியும். அதனால் சிகிச்சைக்கு ஒரு பதிவு என்று போனால் இடம் போதாது. வருபவர்களை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். உங்கள் விஷயத்தில் நான் இப்படிப் பிரிப்பேன்: ‘பல் வலி, சொத்தை, ரூட் கெனால்’ ஒன்று, ‘குழந்தைகள் பல், கிளிப்’ ஒன்று, ‘பல் கட்டுதல், இம்பிளான்ட்’ ஒன்று. படத்தின் நடுவில் இந்தச் சொற்கள் மட்டும் பெரிதாக இருக்கட்டும். பக்கத்தில் படம் சிறிதாகத்தான் தெரியும், ஓரங்களும் வெட்டுப்படலாம். விவரமெல்லாம் உள்ளே, அடுத்தடுத்த படங்களில். ரூட் கெனாலை ‘எண்டோடான்டிக்ஸ்’ என்று எழுதாதீர்கள். வலியில் இருப்பவர் அந்தச் சொல்லைத் தேடி வரவில்லை.

பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பின் செய்யும் வசதி வரும். கடைசியாகப் பின் செய்ததுதான் முதலிடத்துக்கு வரும் என்பதால், தலைகீழாகச் செய்யுங்கள்: மூன்றாவதாக வர வேண்டியதை முதலில், வலிப் பதிவைக் கடைசியில்.

சரி, ஹைலைட்டுகளுக்கு வருவோம். உங்கள் சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஹைலைட்டுக்குள் பழைய ஸ்டோரிதான் முதலில் ஓடும். புதிதாகச் சேர்ப்பது கடைசியில் போய் நிற்கும். வேலை நேரத்தை மாற்றிப் புது ஸ்டோரி போட்டீர்கள் என்றால், பார்ப்பவருக்கு முதலில் தெரிவது பழைய நேரம்தான். அதைப் பார்த்ததும் பலர் வெளியேறிவிடுவார்கள். எனவே நேரம் மாறினால் சேர்ப்பதோடு நிறுத்தாமல், பழையதை அந்த ஹைலைட்டிலிருந்து நீக்கவும் வேண்டும்.

ஹைலைட்டுகளின் வரிசை இதற்கு நேர்மாறு. எதில் கடைசியாகச் சேர்த்தீர்களோ அது வரிசையின் முன்னால் வந்துவிடும். நீங்கள் அடிக்கடி எதையாவது சேர்க்கும் ‘கொண்டாட்டம்’ போன்ற ஹைலைட் ஒன்று இருந்தால், அது ‘நேர’த்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். போன் திரையில் நாலைந்துதான் தள்ளாமல் தெரியும். ஆகவே ‘நேரம்’, ‘வழி’, ‘கட்டணம்’, ‘முன்பதிவு’ என்ற நான்கு போதும். மற்றவற்றை எடுத்துவிட்டால் வரிசைத் தகராறே இல்லை.

பெயர் வைப்பதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. ஹைலைட் பெயருக்கு 15 எழுத்துகள்தான் இடம். கணினிக்கு நம் உயிர்மெய்யில் துணைக்குறி தனி, புள்ளி தனி. ‘குழந்தைப் பற்கள்’ என்பது பார்வைக்குச் சின்னதுதான், எண்ணினால் இடைவெளியோடு 16. இடத்துக்குள் அடங்கினாலும், நீளமான பெயரின் வால் திரையில் மறைந்துவிடும். ஒற்றைச் சொல்லே நல்லது.

‘வழி’ ஹைலைட்டில் வரைபடப் படத்தைவிட, சாலையிலிருந்து வாசல் வரை நடந்தே எடுத்த ஒரு சிறு வீடியோ உதவும். ‘கட்டண’த்தில் முழுப் பட்டியல் வேண்டாம், முதல் பரிசோதனைக்கு எவ்வளவு, எக்ஸ்ரே தனியா என்பது தெரிந்தால் போதும். நோயாளிகளின் முன்–பின் படங்களை எங்கே போடுவதானாலும் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள். உங்கள் பல் மருத்துவ கவுன்சில் அதை அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மருத்துவமனையோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். ஐந்து வரை எண்ணிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு, இங்கே என்னென்ன செய்கிறார்கள், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரிய எதைத் தொடுவீர்கள் என்று கேளுங்கள். தடுமாறினால் படத்தில் சொற்கள் அதிகம், அல்லது எழுத்து சிறியது. அப்புறம், மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம் என வரவேற்பில் இருப்பவர் ஒரு தாளில் கோடு போட்டு வரட்டும்: நேரம் கேட்டவர் எத்தனை பேர், ரூட் கெனால் உண்டா என்றவர் எத்தனை பேர். நேரக் கேள்வி மட்டும் குறையவில்லை என்றால், ‘நேரம்’ ஹைலைட்டைத் திறந்து முதலில் ஓடுவது எது என்று பாருங்கள்.