‘நம்மட குடி இல்ல’: மட்டக்களப்புக் கடிதம் ஒன்றைக் கொழும்பில் இருந்து படிப்பது

கேள்வி: சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் வாழும் மொழிபெயர்ப்பாளர் ஒருத்திக்கு, அவளுக்கு அரைகுறையாகவே விளங்கும் பேச்சு வழக்கில் எழுதப்பட்ட பழைய கடிதம் ஒன்று கிடைக்கிறது. நிஜத்தில் அவள் அதை எப்படிப் படிப்பாள்? எங்கே சறுக்குவாள்?

கடிதங்களையும் காணி உறுதிகளையும் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது கொழும்பில் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்வதானால், உங்கள் நாயகி தெரியாத சொற்களில் சறுக்கமாட்டாள். தெரியாத சொல் கண்ணை உறுத்தும். அவள் அதன் கீழே கோடு போட்டுவிட்டு யாரிடமாவது கேட்பாள். அவளைக் கவிழ்ப்பவை அவள் தினமும் பேசுகிற, அந்த ஊரில் மட்டும் வேறு பொருள் தருகிற சொற்கள்தான்.

ஓர் உதாரணத்தை முழுமையாகவே எடுத்துக்கொள்வோம். அவள் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், வயலைப் பேருந்து யன்னலால் பார்த்ததோடு சரி. கடிதம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் இருந்து, கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த தம்பிக்கு அண்ணன் எழுதியது. அதைக் கொண்டு வருபவர் அந்த அண்ணனின் பேத்தி. வெளிநாட்டில் வளரும் தன் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் கேட்கிறார். நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

“வேளாண்மை வெட்டிச் சூடு வச்சாச்சி. மழை ஒள்ளுப்பம் விட்டாத்தான் அடிக்கலாம். மறுகா, மூத்தவளக் கேட்டு வந்த பொடியன் நம்மட குடி இல்ல. அதனால ஒரு கரச்சலும் இல்ல. வளவுக்குள்ள வீட்டு வேல முடிஞ்சாப் போதும்.”

‘ஒள்ளுப்பம்’, ‘மறுகா’ இரண்டும் அவளுக்குப் புதியவை. முன்னது ‘கொஞ்சம்’, பின்னது ‘பிறகு’; கிழக்கில் பிறந்த எவரைக் கேட்டாலும் உடனே சொல்லிவிடுவார்கள். ‘சூடு வச்சாச்சி’ என்பதில்தான் முதல் பள்ளம். மாட்டுக்குக் குறி சுடுவதாக அவள் நினைக்கக்கூடும், அடுத்து வரும் ‘அடிக்கலாம்’ அதற்கு ஒத்து வருவதுபோலவும் தோன்றும். ஆனால் மாட்டை அடிப்பதற்கு மழை ஏன் விட வேண்டும்? அந்த இடத்தில் அவள் பேனாவை வைத்துவிட வேண்டும். கிழக்கில் ‘வேளாண்மை’ என்றால் வயலில் நிற்கும் நெற்பயிர். ‘சூடு’ என்றால் வெட்டிய கதிர்க்கட்டுகளை அடுக்கிய போர். ‘சூடடித்தல்’ அதை மிதித்து நெல்லைப் பிரிப்பது. இது மட்டக்களப்புக்கே உரிய சொல்லும் அல்ல. வன்னிக் கமக்காரருக்கும் தெரியும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. வெள்ளவத்தைக்காரிக்குத்தான் தெரியாது.

கதையின் உயிர் ‘நம்மட குடி இல்ல’ என்ற மூன்று சொற்களில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவசரமாகப் படித்தால் பொடியனுக்குக் குடிப்பழக்கம் இல்லை, ஆகவே கரைச்சல் இல்லை என்று வரும். நன்றாகப் பொருந்துகிறது, அதுதான் ஆபத்து. அந்த வாசிப்பில் மிஞ்சி நிற்பது ‘நம்மட’ மட்டுமே. அதைக் கவனித்தவள் அடுத்த பிழைக்குப் போவாள்: பொடியன் நம் ஆட்கள் இல்லை, அதாவது வீட்டில் எதிர்ப்பு. அப்படியானால் ‘கரச்சல் இல்ல’ என்பது முரணாக நிற்கும். இந்த இடத்தில் ‘ஆனாலும்’ என்று ஒரு சொல்லைத் தானாகச் சேர்த்து வசனத்தை நேராக்க எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் கை ஊறும். மூலத்தில் இருப்பதோ ‘அதனால’.

மட்டக்களப்புப் பகுதியில் குடி என்பது தாய்வழி. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் உடன்பிறந்தார் முறை, அவர்களுக்குள் கலியாணம் இல்லை. ஆகவே பொடியன் நம்மட குடி இல்லை என்பது சம்மதத்தின் முதல் படி. அகராதி ‘குடி’க்குக் குலம் என்ற பொருளைத் தரும், இந்த மண விதியைத் தராது. கடைசி வரியும் இதனோடு சேர்ந்ததுதான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார்; அதனால்தான் தகப்பன் மகளின் கலியாணப் பேச்சோடு வீட்டு வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

இதை அவள் அறிந்துகொள்ளும் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள். கொட்டாஞ்சேனையில் மகனோடு இருக்கும் படுவான்கரைத் தாய் ஒருவரிடம் அவள் போகட்டும். கடிதத்தைத் தன் சொல்லில் விளக்காமல், எழுதியபடியே உரத்து வாசிக்கட்டும். ‘இதற்கு எதிர்ப்பு என்றுதானே அர்த்தம், அம்மா?’ என்று கேட்டால், படித்த பிள்ளை சொல்கிறதே என்ற மரியாதையில் ‘ஓம் மகள்’ என்ற பதில் வந்துவிடும். இந்தத் தொழிலில் நான் அதிகம் அஞ்சுவது அந்த ‘ஓம்’ஐத்தான். ‘இவர் ஏன் இப்படி எழுதுகிறார்?’ என்று மட்டும் கேட்க வேண்டும். அப்போதுதான், “ஒரு குடிக்குள்ள கட்டினா அண்ணன் தங்கச்சியக் கட்டின மாதிரியெல்லோ மகள்” என்று தானாக வரும். பிறகு வேறு ஊரைச் சேர்ந்த ஒருவரிடமும் அதே வரியை வாசித்துப் பார்க்க வேண்டும்.

திகதியையும் கவனியுங்கள். கடிதத்தின் தலையில் ‘10 மாசி’ என்று மட்டும் இருந்தால், இலங்கையில் அது பெரும்பாலும் பெப்ரவரி 10. ஆங்கில மாதங்களையே நாங்கள் தை, மாசி என்று எழுதி வந்தோம். பெரும்போக அறுவடைக்கும் அந்தக் காலம் பொருந்தும். ஆண்டு வேண்டுமானால் கடிதத்தில் ‘பெரிய வெள்ளம்’ பற்றி ஒரு வரி வையுங்கள். 1957 டிசம்பர் வெள்ளத்தைக் கிழக்கில் மறந்தவர் குறைவு. உறையில் ‘சிலோன்’ முத்திரை இருந்தால் 1972க்கு முந்தியது என்று அவள் பெரும்பாலும் துணியலாம்.

மொழிபெயர்ப்பில் அவள் ‘குடி’யை ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டு, சதுர அடைப்புக்குள் தன் குறிப்பாக விளக்கம் எழுதுவாள். அடைப்புக்கு வெளியே இருப்பவை அண்ணனின் சொற்கள், உள்ளே இருப்பவை அவளுடையவை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகக் கையொப்பம் இடுபவள் இந்த இரண்டையும் கலக்கக்கூடாது. மடிப்பில் மை அழிந்த சொல்லுக்கு ‘வாசிக்க முடியவில்லை’ என்றே போடுவாள், ஊகித்து நிரப்பமாட்டாள்.

பேத்தியின் பக்கத்தையும் நீங்கள் யோசிக்க வேண்டும். அந்த மூத்தவளான தன் அம்மாவும் அப்பாவும் வீட்டாரின் விருப்பத்தை மீறி முடித்தார்கள் என்று அவர் இத்தனை காலம் நம்பியிருந்தால், அந்தக் கதை பிறந்ததே இந்த வரியைக் கொழும்பில் யாரோ தவறாக வாசித்ததால் என்று வைக்கலாம். கடிதத்தை யாழ்ப்பாணத்துக்கோ மலையகத்துக்கோ மட்டும் மாற்றிவிடாதீர்கள், இந்த முடிச்சு அங்கே நிற்காது. கிழக்கு முஸ்லிம் குடும்பமாக மாற்றினால் நிற்கும். அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. அப்போது உம்மா, வாப்பா, ராத்தா என்று உறவுச் சொற்களை முழுக்க மாற்றி எழுத வேண்டியிருக்கும், உரத்து வாசிக்கக் கேட்கும் தாயையும் அந்தப் பக்கத்தவராகவே வைக்க வேண்டும்.