சீரகம், சோம்பு, மல்லி நீர் உப்புசத்துக்கு எதுவரை உதவும்?

கேள்வி: சாப்பிட்டு முடித்ததும் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்கிறது. சீரகம், சோம்பு, கொத்தமல்லி விதை மூன்றையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது? தினமும் குடிக்கலாமா?

உப்பிய வயிற்றை இந்த நீர் இளக்கிக் கொடுக்கும். வயிறு ஏன் உப்புகிறதோ, அந்தக் காரணத்தை அது தொடாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் மூன்று மாதம் இதைக் குடித்திருக்கிறேன். அதனால் செய்முறையோடு அந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு மூன்றிலும் தலா அரை டீஸ்பூன் போதும். தண்ணீர் ஒன்றரை டம்ளர், அதாவது 300 மில்லி அளவு. விதைகளை இடிகல்லில் போட்டு இரண்டு தட்டு தட்டுங்கள். மல்லி இரண்டாகப் பிளந்தால் சரி. அதன் தோல் கெட்டி என்பதால் முழுசாகப் போட்டால் சாரம் சரியாக இறங்காது. மிக்சியில் பொடியாக்கவும் வேண்டாம். நீர் கலங்கிக் கசக்கும். சோம்பை வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வாசனை வரவில்லையென்றால் அதைக் காய்ச்சிப் பயனில்லை.

தண்ணீரை முதலில் தனியாகக் கொதிக்க விடுங்கள். கொதி வந்ததும் விதைகளைப் போட்டு உடனே தட்டு போட்டு மூடி, சிறு தீயில் இரண்டு நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் திறக்க வேண்டாம். அப்புறம், தட்டின் அடியில் நிற்கும் துளிகளையும் பாத்திரத்துக்குள்ளேயே வழித்துவிட்டு வடிகட்டுங்கள்.

மூடுவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலை செய்வது இந்த விதைகளில் உள்ள ஆவியாகும் எண்ணெய்தான். சோம்பின் இனிப்பு மணத்துக்குக் காரணமான அனெத்தோல் என்ற பொருள் குடல் சுவரின் தசைகளைத் தளர்த்தும் தன்மை கொண்டது. இறுகிய குடல் தளர்ந்தால் உள்ளே சிக்கிய வாயு நகர்ந்து வெளியேறுகிறது. பலர் திறந்த பாத்திரத்தில் போட்டு, இரண்டு டம்ளர் ஒரு டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்க விடுகிறார்கள். அப்படிச் செய்தால் வீடு முழுக்க மணக்கும், ஆனால் குடிக்க வேண்டிய எண்ணெயில் ஒரு பங்கு ஆவியோடு போயிருக்கும். சரியாக வந்த நீர் வெளிர் மஞ்சளாக, லேசான இனிப்போடு இருக்கும். பழுப்பாகிக் கசந்தால் கொதி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, இளஞ்சூட்டில், வாய் வாயாகக் குடியுங்கள். ஒரே மடக்கில் குடித்தால் காற்றையும் சேர்த்து விழுங்குவோம். ஒரு மணி நேரத்துக்குள் ஏப்பமோ வாயுவோ பிரிந்து இடுப்புத் துணி தளர்ந்தால் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. நான்கைந்து நாள் குடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் விதையின் அளவைக் கூட்டாதீர்கள்.

இனி என் கதை. எனக்கு விடியற்காலையில் வயிறு உப்பி, இரைச்சலோடு தூக்கம் கலையும். எழுந்து இந்த நீரைக் குடித்தால் அரை மணியில் சரியாகிவிடும். மருந்து கிடைத்துவிட்டது என்று மூன்று மாதம் ஓட்டினேன். ஆனால் மறுநாள் விடியலில் அதே உப்புசம் வந்து நிற்கும். தினமும் சரியாகிறது, தினமும் வருகிறது என்றால் அது குணமே இல்லை என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒரு நோட்டில் சாப்பிட்டதையும், உப்பிய நேரத்தையும் எழுத ஆரம்பித்தேன். இரவு பயறோ கொண்டைக்கடலையோ சாப்பிடாத நாளிலும் உப்பியது. பத்து நாளில் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: படுக்கும் முன் குடிக்கும் ஒரு டம்ளர் பால். உறவினர் வீட்டில் தங்கிய இரண்டு இரவு பால் குடிக்கவில்லை. அந்த இரண்டு விடியலிலும் வயிறு அமைதியாக இருந்தது. பிறகு இரண்டு வாரம் பாலை நிறுத்தினேன், உப்புசம் நின்றது. மறுபடி ஒரு டம்ளர் குடித்தேன், மறுநாளே வந்தது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரியவர்கள் பலருக்குக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்கவைத்து வாயுவாக்குகிறது. விதை நீர் அந்த வாயுவை வெளியே அனுப்பியதே தவிர, அது உண்டாவதைத் தடுக்கவில்லை. மோர் எனக்கு ஒத்துக்கொள்கிறது, ஏனென்றால் உறையும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

உங்களுக்குக் காரணம் பாலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மலச்சிக்கலாக இருக்கலாம், ஊறாத பயறாக இருக்கலாம், சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையாகவும் இருக்கலாம். மாத்திரை மீது சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரைக்கு மாற்ற வழி இருக்கிறது.

தினமும் குடிக்கலாமா என்றால், என் பதில் இரண்டு வாரம்தான். சோம்பு நீருக்கு ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பும் இரண்டு வாரமே. சோம்பில் உள்ள எஸ்ட்ரகோல் என்ற பொருள் காரணமாக 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு அந்த முகமை இந்த நீரைப் பரிந்துரைப்பதில்லை. கைக்குழந்தைக்குச் சங்கில் சோம்பு நீர் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, தயவுசெய்து வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் குழம்பில் போடும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் கவனித்துக் குடிக்க வேண்டும். தசையைத் தளர்த்தும் பொருள் உணவுக்குழாயின் அடிவாயையும் தளர்த்தினால் புளிப்பு மேலேறும். சோம்பு நீரை மிகவும் கெட்டியாக இறக்கினால் அதில் கரையும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைகளே சிலருக்கு உப்புசத்தைக் கூட்டும். குடித்த பிறகுதான் அதிகமாகிறது என்றால் முதலில் சோம்பை மட்டும் விட்டுப் பாருங்கள்.

சில உப்புசங்களில் இந்த நீரைக் காய்ச்சி நேரம் கடத்தவே கூடாது. எடை குறைவது, மலத்தில் இரத்தம், கறுத்த மலம், சாப்பிட்டதும் சீக்கிரம் நிறைந்துவிடுவது, வயிறு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக உப்புசம் வந்து வாரக்கணக்கில் நீடித்தால், சினைப்பையையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாயு பிரியாமல், மலமும் போகாமல், வாந்தியும் கடும் வலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேல்வயிறு அடைத்து, வியர்த்து, மூச்சு வாங்கி, தாடைக்கோ கைக்கோ வலி பரவினால் அதைக் ‘கேஸ்’ என்று நினைத்து அடுப்பு பற்றவைக்காதீர்கள். மாரடைப்பும் இப்படி வரும், 108-ஐ அழையுங்கள்.