குளோரின் போட்டும் போகாத லெஜியோனெல்லா

கேள்வி: டாக்டர், 68 வயது அப்பா லெஜியோனெல்லா நிமோனியாவிலிருந்து குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். வெந்நீர்த் தொட்டி, குழாய் எல்லாவற்றுக்கும் குளோரின் போட்டுக் கழுவினோம். இரண்டு மாதத்தில் ஷவர் தண்ணீரில் மறுபடியும் அதே கிருமி. ஹீட்டரை 45 டிகிரியில் வைத்திருக்கிறோம். பழைய குளியல்தொட்டிக்குப் போன குழாயை மட்டும் மூடிவிட்டோம். இனி என்ன செய்வது?

பதில்: எனக்கு முதல் சந்தேகம் அந்த மூடிய குழாய்மேல்தான். பிளம்பர்கள் இதை டெட் லெக் என்பார்கள். இரண்டு மீட்டர் மெல்லிய குழாயில் கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் தண்ணீர் நிற்கும், ஆனால் அது நகர்வதே இல்லை. குளோரின் தண்ணீரோடு ஓடுகிற மருந்து, ஓட்டமில்லாத இடத்துக்கு அது சரியாகப் போய்ச் சேராது. உள்சுவரில் படிந்த வழுவழுப்பான படலத்துக்குள்ளும், அங்கே வாழும் அமீபாவுக்குள்ளும் கிருமி பத்திரமாக இருக்கும். மற்ற குழாய்கள் சுத்தமானதும் அங்கிருந்து திரும்பப் பரவும்.

சூட்டை ஏற்றினாலும் இதே கதைதான். பக்கத்துக் குழாயின் வெப்பம் லேசாகக் கசிந்து அந்த முனை வெதுவெதுப்பாகவே இருக்கும், லெஜியோனெல்லா பெருகுவதோ 20 முதல் 45 டிகிரி வரை. அதனால் மூடி போட்டால் போதாது, பிரியும் இடத்திலேயே வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். நுனியை மட்டும் நறுக்கிவிட்டுப் போனால் குட்டையாக இன்னொரு டெட் லெக் மிஞ்சும். எப்போதாவது திறக்கும் குழாய்களை வாரம் ஒரு முறையாவது, சாரல் தெறிக்காமல், சில நிமிடம் ஓடவிடுங்கள்.

அப்புறம் அந்த 45. தெர்மோஸ்டாட் அதைக் காட்டும்போது தொட்டியின் அடியில், வண்டல் படிந்த இடத்தில், சூடு இன்னும் குறைவு. தொட்டியை 60 டிகிரியில் வையுங்கள், அந்தச் சூட்டில் கிருமி சில நிமிடங்களில் சாகும். வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரி வருகிறதா என்று தெர்மாமீட்டரால் பாருங்கள். வரவில்லையென்றால் வழியில் எங்கோ ஆறுகிறது. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும், அப்பா வயதில் இன்னும் ஆபத்து, அதனால் ஷவருக்கு மிக அருகில் வெப்பத்தைக் குறைக்கும் கலவை வால்வு கட்டாயம் வேண்டும். தள்ளிப் பொருத்தினால் அதற்குப் பிறகு வரும் குழாய் முழுக்க வெதுவெதுப்புதான்.

குளிர்நீர் 20 டிகிரிக்குக் கீழே இருப்பது நல்லது. வெயில் ஊர்களில் அது முடியாது, அங்கே தொட்டியை மூடி, நிழலில் வைத்து, தண்ணீர் நாள்கணக்கில் தேங்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலைகள் முடிந்த பிறகுதான் மறுபடி குளோரின். போட்ட அன்றே மாதிரி எடுக்காதீர்கள், எதுவும் இல்லை என்றுதான் வரும். குறைந்தது இரண்டு நாள் விட்டு எடுங்கள். சரி என்று முடிவு வரும்வரை அப்பா ஷவர் பக்கமே போக வேண்டாம், நுண்ணிய சாரலை மூச்சில் இழுப்பதால்தான் இது பெரும்பாலும் வருகிறது. இடையில் காய்ச்சலோ இருமலோ வந்தால் இந்த வரலாற்றை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யாது.