விசாரித்துவிட்டு மௌனமானவருக்கு மீண்டும் எழுதுவது: கேள்வி பதில்

கிடங்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் விற்கிறேன். ஒரு நிறுவனம் டெமோ பார்த்து, கொட்டேஷனும் வாங்கியது. ஏழு மாதமாகச் சத்தமில்லை. "முடிவு எடுத்துவிட்டீர்களா?" என்று எழுதலாமா?

வேண்டாம். அதில் உங்கள் அவசரம் மட்டுமே தெரியும். பழைய அஞ்சல்களைத் திறந்து, பேச்சு எங்கே நின்றது என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் கடைசியாகக் கேட்ட கேள்வியிலேயே தடை ஒளிந்திருக்கும். இணையம் எட்டாத இடத்தில் ஸ்கேனர் இயங்குமா என்று அவர் கேட்டு, நீங்கள் இல்லை என்றிருந்தால், அந்த வசதி வந்த பிறகு எழுதுங்கள். இப்படி:

"மார்ச்சில் பேசியபோது, கிடங்கின் பின்பகுதியில் இணையம் கிடைப்பதில்லை என்றீர்கள். அப்போது எங்களிடம் வழியில்லை. சென்ற வாரம் வந்த பதிப்பில், இணைப்பு இல்லாமலும் ஸ்கேன் செய்யலாம். இணைப்பு திரும்பியதும் கணக்கில் ஏறும். ஒரே சரக்கை இருவர் திருத்தியிருந்தால் மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும். அந்தச் சிக்கல் உங்களுக்கு இன்னும் இருக்கிறதா?"

குறையையும் சொல்லியிருப்பதால் படிப்பவர் நம்புவார். கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். பழைய அஞ்சல் தொடரிலேயே அனுப்புங்கள், நீங்கள் யார் என்று அவர் தேட வேண்டியிருக்காது. புது அஞ்சலின் தலைப்பில் "Re:" ஒட்டிப் பழைய உரையாடல்போலக் காட்டுவது பித்தலாட்டம். பழைய கொட்டேஷனை இணைக்காதீர்கள். பதில் வந்த பின் விலை பேசலாம்.

நான் தள்ளுபடி அறிவித்து எழுதுவேன். சிலர் திரும்பி வந்தார்களே?

விலையால் விலகியவர்கள் வருவார்கள், அது சரிதான். வேறு காரணத்தால் நின்றவருக்கோ, முதலில் சொன்ன விலை ஊதிப் பெருக்கியது என்ற சந்தேகம்தான் மிஞ்சும். நின்ற காரணம் தெரியாமல் விலையைக் குறைக்காதீர்கள்.

என் வாடிக்கையாளரும் ஐந்து மாதமாக மௌனம். பில் தொகை நிலுவை. இதே முறையில் எழுதலாமா?

அது வசூல். பில் எண், தொகை, கெடு தேதி ஆகியவற்றை நேராக எழுதுங்கள். புது வசதியைப் பற்றிய செய்தியில் நிலுவையைச் செருகினால் இரண்டுமே கெடும்.

அஞ்சலை மூன்று முறை திறந்ததாக என் மென்பொருள் காட்டுகிறது. பதில் இல்லை. ஆர்வம் இருக்கிறது என்றுதானே பொருள்?

அந்தக் கணக்கை நம்பாதீர்கள். அஞ்சலில் ஒளித்து வைத்த ஒரு சிறு படம் இறங்கினாலே மென்பொருள் அதைத் திறந்ததாக எண்ணும். சில அஞ்சல் செயலிகளும் பாதுகாப்பு வடிகட்டிகளும் படங்களைத் தாமாகவே இறக்கிவிடும். யாரும் படிக்காமலே திறந்ததாகப் பதிவாகும். "திறந்து பார்த்தீர்களே" என்று ஒருபோதும் எழுதாதீர்கள், வேவு பார்த்ததுபோல் இருக்கும். பத்து நாள் கழித்துச் சொல்லப் புதிதாக ஏதேனும் இருந்தால் இன்னொரு முறை எழுதுங்கள். இல்லையென்றால், அடுத்த உண்மையான காரணம் வரும்வரை விட்டுவிடுங்கள்.

என் அஞ்சல் திரும்பி வந்துவிட்டது. அவர் வேலை மாறிவிட்டாராம். யாருக்கு எழுதுவது?

அவர் இடத்துக்கு வந்தவருக்கு. பழைய பேச்சை இரண்டே வரியில் சொல்லுங்கள். முன்னவர் சம்மதித்துவிட்டதுபோல் எழுதாதீர்கள். மாறிப்போனவருக்குப் புது நிறுவனத்தில் எழுதலாமா என்பதில் எனக்கே இரு மனம். வாழ்த்து மட்டும் அனுப்பி நிறுத்திக்கொள்வேன். உடனே டெமோ கேட்டு வெற்றி பெற்றவர்களும் உண்டு.