விற்பனை குறைந்தால் கடை வாடகையைக் குறைக்கக் கேட்பது எப்படி?

கேள்வி: ஹட்டனில் சின்னப் புடவைக் கடை நடத்துகிறேன். வாடகை 35,000 ரூபா. பாலம் திருத்துவதால் தோட்டத்து பஸ்கள் எங்கள் வீதிக்கு வருவதில்லை. ஜூனிலிருந்து வியாபாரம் விழுந்துவிட்டது. டிசம்பர் வரை வேலை நடக்குமாம். கடைச் சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் கணக்கு. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் விற்பனையைப் போன வருடத்து அதே மூன்று மாதங்களோடு ஒப்பிடுங்கள். ஏப்ரலோடு ஒப்பிட்டால், “அது சித்திரை வருடப்பிறப்பு வியாபாரம்தானே” என்று அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிடுவார். கடன் கொப்பியில் நிலுவையாக நிற்பதைத் தனியாக வையுங்கள். பொருள் விற்று காசு வரவில்லை என்றால், அதற்கு வாடகையைக் குறைக்க அவருக்குக் காரணமில்லை.

உதாரணமாக, மாத விற்பனை சராசரி 4 இலட்சத்திலிருந்து 2,80,000க்கு இறங்கியிருக்கிறது என்று வைப்போம். நூற்றுக்கு 25 ரூபா இலாபம் என்றால், முன்பு கைக்கு வந்த 1 இலட்சம் இப்போது 70,000. வாடகை 35,000, உதவியாள் சம்பளம், மின்சாரம், போக்குவரத்து மூன்றுக்கும் 30,000 போக, 35,000 மிஞ்சிய இடத்தில் இப்போது 5,000தான். விற்பனை 30 வீதம் விழுந்தது என்பதைவிட இந்த 5,000 ரூபாதான் அவருக்கு நிலைமையை விளங்கவைக்கும். ஒரே தாளில் எழுதி, விற்பனைக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.

“கொஞ்சம் குறையுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை 25,000, ஆனால் தீபாவளி மாதத்துக்கு முழு வாடகை என்று கேளுங்கள். அந்த மாதம் தீபாவளி முற்பணத்தோடு தோட்டத்து ஆட்கள் புடவை எடுக்க வருவார்கள் என்பது அவருக்கும் தெரியும்; நீங்களே சொன்னால் உங்கள் கணக்கை நம்புவார். இப்படி அவர் விட்டுக்கொடுப்பது மூன்று மாதத்தில் 30,000 ரூபா, ஒரு மாத வாடகையைவிடக் குறைவு. கடை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே அதைவிட அதிகம் போகும். இதை மிரட்டலாக அல்ல, கணக்காகவே சொல்லுங்கள். பாலம் முந்தித் திறந்தால் அடுத்த மாதமே பழைய வாடகை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் வருவது அவர் சம்மதித்த பிறகுதான். குறைத்த 10,000 தள்ளுபடியா, பிறகு கட்ட வேண்டிய பாக்கியா என்று பேசாமல் விட்டால், கடையை ஒப்படைக்கும் நாளில் நீங்கள் கடைக்குக் கொடுத்த முற்பணத்தில் கழித்துவிடுவார்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு, “இது தள்ளுபடி, பின்னர் அறவிடப்படாது”, மற்ற நிபந்தனைகளில் மாற்றமில்லை என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் சிங்களத்தில் வாசிப்பவர் என்றால் சிங்களப் பிரதியும் வேண்டும். குத்தகை உறுதி நொத்தாரிசு எழுதியது என்றால், கையெழுத்துக்கு முன் நொத்தாரிசிடம் காட்டுங்கள். மாதாமாதம் பற்றுச்சீட்டிலும் “இம்மாத வாடகை முழுமையாகப் பெறப்பட்டது” என்று எழுதி வாங்குங்கள்.

தள்ளுபடிக்கு இணங்காவிட்டால், அந்த 30,000ஐ ஜனவரியிலிருந்து மாதம் 5,000 வீதம் ஆறு மாதத்தில் கட்டுவதாகக் கேட்கலாம். ஆனால் அது வாடகைக் குறைப்பு அல்ல, கடன். ஜனவரியில் பஸ்கள் திரும்பி வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.