சிறப்பு ஆர்டருக்குக் கூலி எவ்வளவு? வேலை நிரம்பிய மாதமும் வேலை குறைந்த மாதமும்

சிறப்பு ஆர்டருக்கு விலை சொல்லும்போது கூலியை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முதல் கடிதம் எழுதியவர் எண்களை முழுமையாகத் தந்திருக்கிறார். மற்றவர்களின் கேள்விகளுக்கும் அந்த எண்களையே வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு வாடிக்கையாளர் ஒருமுறை ஆர்டர் ஒன்று தருகிறார். மூலப்பொருளும் பிற மாறும் செலவுகளும் 45,000 ரூபாய். 300 மணி நேர வேலை. மணிக்கு 200 ரூபாய் வீதம் கூலி 60,000. அடக்கம் 1,05,000 ஆகிறது. அவர் 90,000-க்கு மேல் தர மாட்டேன் என்கிறார். ஆட்கள் மாதச் சம்பளக்காரர்கள். இந்த மாதம் வேலையில்லாமல்தான் இருக்கிறார்கள். மறுத்துவிடலாமா?

மறுக்க வேண்டாம். ஆர்டரை எடுத்தாலும் விட்டாலும் அந்த 60,000 ரூபாயைச் சம்பளமாகக் கொடுக்கத்தான் போகிறீர்கள். எடுப்பதால் கூடுதலாகக் கையை விட்டுப் போவது 45,000 மட்டுமே. வருவது 90,000. எடுத்தால் 45,000 ரூபாய் மிச்சம், விட்டால் ஒன்றுமில்லை.

உங்கள் அடக்கவிலைத் தாள் 15,000 நட்டம் என்று காட்டுவதற்குக் காரணம், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சம்பளத்தை இந்த ஆர்டரின் தலையில் எழுதியதுதான். கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. இந்த முடிவுக்கு உதவாது. முடிவுக்குப் பொருத்தமான கூலிச் செலவு இங்கே பூஜ்யம்.

ஆனால் "வேலையில்லாமல் இருக்கிறார்கள்" என்பதைச் சற்றுச் சரிபாருங்கள். இந்த ஆர்டருக்குத் தேவையான திறன் உள்ளவர்கள், அது நடக்கும் அதே வாரங்களில் ஓய்வாக இருக்க வேண்டும். பொருத்துநர்கள் சும்மா இருந்து, ஆர்டருக்கு வெல்டர்கள் தேவைப்பட்டால் இந்தப் பூஜ்யம் செல்லாது.

கேள்வி (அதே வாசகர்): மூன்று மாதம் கழித்து அதே ஆர்டரை 1,20,000-க்குக் கேட்கிறார். அப்போது எங்களுக்கு வேலை நிரம்பியிருக்கும். புதிய ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். வழக்கமான பொருளை 1,650-க்கு விற்கிறோம்: மூலப்பொருள் 500, கூலி 3 மணிக்கு 600, மாறும் மேற்செலவு 100. அடக்கம் 1,05,000 என்பதால் 15,000 லாபம் என்று நினைக்கிறேன். சரியா?

இல்லை, 30,000 ரூபாய் நட்டம். முன்பு லாபமான ஆர்டரை நட்டமாகக் காட்டிய அதே தாள், இப்போது நட்டத்தை லாபமாகக் காட்டுகிறது. இரண்டு முறையும் அது மணிக்கு 200 என்றே எழுதுகிறது. ஆட்களின் நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

300 மணி நேரத்தை இந்த ஆர்டருக்குத் திருப்பினால் வழக்கமான பொருளில் 100 எண்ணம் குறையும். ஒவ்வொன்றுக்கும் 1,650 வரவு போகும். மூலப்பொருள் 500, மேற்செலவு 100 மிச்சமாகும். கூலி மிச்சமாகாது, அதே ஆட்கள் அதே சம்பளத்தில் இங்கே வேலை செய்கிறார்கள். ஆக ஓர் எண்ணத்துக்கு 1,050, நூறுக்கு 1,05,000 ரூபாய் இழப்பு. புதிய ஆர்டரில் மூலப்பொருள் முதலியவை போக 75,000 வருகிறது. வித்தியாசம் 30,000.

மணிக்கணக்கில் சொன்னால் 1,050-ஐ 3-ஆல் வகுக்க 350. வேலை நிரம்பிய காலத்தில் உங்கள் ஆட்களின் ஒரு மணி நேரத்தின் உண்மை விலை இதுதான். நீங்கள் கேட்க வேண்டிய குறைந்தபட்ச விலை 1,50,000.

கேள்வி: தேர்வுக்குப் படிக்கிறேன். "கூலியையும் இழந்த பங்களிப்பையும் கூட்டு" என்று சொல்லிக்கொடுத்தார்கள். 200-உடன் 350-ஐக் கூட்டி 550 என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். ஏன்?

கூலியை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள். சொல்லிக்கொடுத்த விதியில் "பங்களிப்பு" என்பது கூலியைக் கழித்த பின் நிற்பது: 1,650-இலிருந்து 1,200 போக 450, மணிக்கு 150. அதனுடன் கூலி 200 சேர்த்தால் 350. மேலே நான் எடுத்தது கூலியைக் கழிக்காத பங்களிப்பு. அதற்குள் 200 ஏற்கெனவே இருக்கிறது. எந்த வழியில் போனாலும் 350-தான் வர வேண்டும். இந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் போகும் இடம் இதுவே என்பது என் கணிப்பு. வினாத்தாளில் பங்களிப்பு என்று ஓர் எண் தரப்பட்டிருந்தால், கூலி கழிக்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் பாதி நிலைமை. தேவையான 300 மணியில் 120 மணிதான் ஓய்வு நேரம். ஓவர்டைம் கொடுக்கவும் முடியும், மணிக்கு ஒன்றரை மடங்கு. எப்படிப் போடுவது?

பிரித்துப் போடுங்கள். முதல் 120 மணிக்குப் பூஜ்யம். மீதி 180 மணிக்கு இரண்டு வழிகள்: வழக்கமான பொருளைக் குறைத்தால் மணிக்கு 350, மொத்தம் 63,000, ஓவர்டைம் என்றால் மணிக்கு 300, மொத்தம் 54,000. முடிவுக்குப் பொருத்தமானது இரண்டில் குறைந்தது. ஆகவே குறைந்தபட்ச விலை 45,000 உடன் 54,000 சேர்த்து 99,000. 1,20,000 ரூபாய் கிடைத்தால் 21,000 லாபம்.

ஓவர்டைம் இரட்டிப்பு என்றால் மணிக்கு 400. அப்போது வழக்கமான பொருளைக் குறைப்பதே மலிவு. இன்னொரு விஷயம்: பகலில் சிறப்பு ஆர்டரை முடித்துவிட்டு, இரவு ஓவர்டைமில் வழக்கமான பொருளைச் செய்வார்கள். உடனே ஓவர்டைம் முழுவதும் அந்தப் பொருளின் கணக்கில் ஏறிவிடும். இரவில் எந்த வேலை நடந்தது என்பது முக்கியமில்லை. ஆர்டர் வராவிட்டால் இரவு வேலையே இருந்திருக்காது, எனவே அந்தச் செலவு ஆர்டருடையது.

கேள்வி: எங்கள் ஆட்களும் வேலையில்லாமல்தான் இருக்கிறார்கள், ஆனால் தினக்கூலிக்காரர்கள். கூலி பூஜ்யம்தானா?

இல்லை. அழைத்தால்தான் கூலி என்றால், அழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் 200 புதிய செலவு; முழுவதையும் சேருங்கள். பூஜ்யம் என்பது சும்மா இருந்தாலும் சம்பளம் உண்டு என்பவர்களுக்கு மட்டும். ஆர்டர் இல்லாவிட்டால் வேலையை விட்டு நிறுத்தவிருந்த சம்பளக்காரர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: வேலை நிரம்பியிருக்கிறது, ஆனால் எங்கள் வழக்கமான வாடிக்கையாளர்கள் இரண்டு வாரம் தாமதமானாலும் காத்திருப்பார்கள். அப்போதும் 350 போட வேண்டுமா?

காத்திருப்பவர்களுக்குப் பின்னால் எப்போது செய்து கொடுப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. அடுத்த மாதம் ஓய்வு நேரம் இருந்து, அதில் முடித்துவிட முடியுமானால் விற்பனை எதுவும் போகவில்லை. தாமதத் தள்ளுபடி ஏதேனும் கொடுத்தால் அதுவே செலவு. அடுத்த மாதமும் வேலை நிரம்பியிருந்தால், இந்த மாதம் தள்ளிய வேலை அடுத்த மாத வேலையைத் தள்ளும். அந்த வரிசையின் கடைசியில் யாரோ ஒருவரின் ஆர்டர் கைநழுவும், 350 அங்கே வந்து நிற்கும்.