மார்ச் வந்தால் நைட் ஷிப்ட் அலவன்ஸ் குறைவது ஏன்?

கேள்வி: சென்னையில் கால் சென்டர் வேலை. நியூயார்க் நேரப்படி காலை 9 முதல் மாலை 6 வரை ஷிப்ட். லீவே போடாத மாதத்திலும் ஏப்ரல் சம்பளத்தில் நைட் அலவன்ஸ் குறைந்துவிடுகிறது. சட்டப்படி இவ்வளவு தர வேண்டும் என்று எதுவும் இல்லையா?

பதில்: தனியார் கால் சென்டர்களுக்கு இரவுப்படி இவ்வளவு என்று நம் சட்டம் தொகை நிர்ணயிக்கவில்லை. பிலிப்பைன்ஸில் இரவு 10 முதல் காலை 6 வரையிலான நேரத்துக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் என்று சட்டமே சொல்கிறது. இங்கே நியமனக் கடிதமும் கம்பெனி பாலிசியும்தான் கணக்கு. ஆகவே முதலில் பாலிசியில் 'இரவு' எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பாருங்கள்.

அது 10 முதல் 6 வரை என்றும், மணிக்கு 40 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி திருப்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் உங்கள் ஷிப்ட் இரவு 7.30 முதல் 4.30 வரை. அதில் இரவு நேரம் ஆறரை மணி, 260 ரூபாய். கோடையில் மாலை 6.30 முதல் 3.30 வரை, இரவு நேரம் ஐந்தரை மணி, 220 ரூபாய். 22 இரவுக்கு 880 ரூபாய் குறையும். 'குறைந்தது 6 மணி நேரம் இருந்தால்தான் படி' என்று பாலிசியில் இருந்தால் கோடை முழுக்கப் படியே வராது. அந்த ஒரு வரிதான் பலரைக் கவிழ்க்கிறது. கலிபோர்னியா நேரத்தில் வேலை செய்பவருக்கோ நிலைமை தலைகீழ்: கோடையில் 8 மணி நேரமும் கிடைக்கும், குளிர்காலத்தில் ஏழரைதான்.

குறைவு இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் அது பிழை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் வருகைப் பதிவைப் பாருங்கள். மென்பொருள் நள்ளிரவில் தேதியை வெட்டினால், திங்கள் மாலை லாகின் செய்து செவ்வாய் அதிகாலை வெளியேறிய ஒரே ஷிப்ட், இரண்டு அரை நாளாகப் பதிவாகும், படி விழாது. நவம்பரில் நேரம் மாறிய பிறகும் ரோஸ்டரில் பழைய ஷிப்ட் கோடே இருந்தால், வேலை பார்த்த ஒரு மணி நேரம் கணக்கில் வராது. சம்பளக் கணக்கு 20ஆம் தேதியோடு மூடப்படும் இடங்களில், மார்ச் மாற்றத்தின் பெரும்பகுதி ஏப்ரல் பேஸ்லிப்பில்தான் தெரியும்.

பேரோலுக்கு எழுதும்போது 'குறைந்துவிட்டது' என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். தேதி, லாகின், லாகவுட், ரோஸ்டரில் இருந்த ஷிப்ட் கோடு, வந்த தொகை, வர வேண்டிய தொகை என்று இரவு வாரியாக அனுப்புங்கள். கூடுதல் நேரம் உட்கார வைத்திருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். அதற்கான இரட்டிப்பு ஊதியத்தை இரவுப்படியில் கழித்துக்கொள்ள விடாதீர்கள்.